ஸ்கர்ட்டிங்கைக் கழட்டாம கரப்பானுக்கு மருந்து வெச்சா காசு கொடுக்காதீங்க

₹3,800. மூணு தடவை வருவோம், ஒரு வருஷம் உத்தரவாதம்னு சொன்ன பூச்சிமருந்து ஆப்ல முன்கூட்டியே கட்டினது. நேத்து ராத்திரி கிச்சன் லைட்டைப் போட்டா, சிங்க் கேபினெட்டுக்கு அடியில பொடிப்பொடியா குஞ்சுகள் ஓடுது.

வந்த பையன் கதவு கீல் குழிக்குள்ள டார்ச் அடிச்சு, மிளகுத்தூள் மாதிரி கிடந்த எச்சத்தைக் காட்டினான். "இது ஜெர்மன் கரப்பான்க்கா, தலைக்குப் பின்னாடி ரெண்டு கறுப்புக் கோடு பாருங்க"ன்னான். சரியாத்தான் சொன்னான். அதுலதான் நம்பிட்டேன்.

கீல்ல ஜெல் வெச்சு, அது மேலயே ஸ்ப்ரேயும் அடிச்சான். இருபது நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. ஸ்ப்ரே பட்ட ஜெல்லைக் கரப்பான் தின்னாது, நெடிக்கு இன்னும் உள்ளே போய் ஒதுங்கும். ஒதுங்குற இடம் எதுன்னா, தரையோட ஒட்டி நிக்கிற ஸ்கர்ட்டிங் பலகைக்குப் பின்னாடி. கேபினெட் கால் நிக்கிற நாலு அங்குல இடம், இருட்டு, சிங்க் பைப் ஈரம் வேற. அந்தப் பலகை கால்ல கிளிப்ல மாட்டியிருக்கும், இழுத்தா கையோட வரும். அவன் தொடவே இல்ல. டிராயரை வெளியே எடுத்து சேனலுக்குப் பின்னாடியும் பாக்கல.

போன் பண்ணினா, "முட்டை பொரிக்கும் மேடம், 21 நாள் பொறுங்க". பொறுத்தேன். அப்புறம் "சாப்பாடு சிந்தாம வெச்சுக்கோங்க". அப்புறம் புகாரே முடிஞ்சதா காட்டுது. முட்டைக் கதை பொய்யில்ல: பெண் கரப்பான் முட்டைப்பையைப் பொரிக்கிற வரைக்கும் வால்ல சுமக்கும், ஒரு பையில முப்பது நாப்பது குஞ்சு. பைக்குள்ள மருந்து இறங்காது. அதனாலதான் மூணு வாரம் கழிச்சு மறுபடி ஜெல் வைக்கணும். ஆனா ரெண்டாவது தடவை வந்தவன் ஜெல்லே எடுத்துட்டு வரல, ஸ்கர்ட்டிங் விளிம்பு பூரா சிலிக்கான் இழுத்துட்டுப் போயிட்டான். உள்ளே உசுரோட இருக்கிறதை அடைச்சா, பைப் ஓட்டை வழியா சுவிட்ச் பாக்ஸுக்கு வருது. ₹3,800க்கு இதுதான் கிடைச்சுது.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், கோபத்துல இவ்வளவுதான் வருது. பலகையைக் கழட்டி, வேக்குவம் போட்டு எச்சத்தை எடுத்துடுங்க. ஜெல்லைத் துவரம்பருப்பு அளவுக்கு, கேபினெட் கால் பக்கத்துல, சேனல் பின்னாடி, கீல் குழியில வையுங்க. பெரிய உருண்டையா வெச்சா வீணாப் போகும். அங்கே ஸ்ப்ரே அடிக்காதீங்க, லோஷன் போட்டுத் துடைக்காதீங்க. ஒட்டுற அட்டை வையுங்க. ஒரு வாரம் அதுல எதுவும் சிக்கலைன்னா அப்புறம் அடைங்க. பைப் ஓட்டையில ஸ்டீல் நார் திணிச்சு மேல சிலிக்கான். ஸ்கர்ட்டிங்கை மட்டும் ஒட்டிடாதீங்க, அடுத்த தடவை திறக்கணும். அவன் ஒட்டினதை இப்ப பிளேடு வெச்சுக் கீறிட்டு இருக்கேன்.