போட்டோவில் வந்த வேலைக் கடிதம்: 67,500 என்று நம்பிப் போனவருக்குக் கிடைத்தது 21,160

ஹட்டன் பக்கத் தோட்டத்துத் தம்பி ஒருவருக்குக் கொழும்புத் துணிக்கடை ஒன்றிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. ஆங்கிலக் கடிதம். அதைச் சாய்வாகப் பிடித்த போட்டோதான் வட்ஸ்அப்பில் வந்தது. அடி ஓரம் வெட்டுப்பட்டிருந்தது, நடுவில் மடிப்புக்கோடு. கண்ணில் பட்டதெல்லாம் 'சேல்ஸ் எக்சிகியூட்டிவ்', மொத்தம் 67,500 ரூபா, வேலைக்குச் சேரும் திகதி செப்டெம்பர் 3, 2025.

மூன்றுமே பிழை.

மடிப்புக்குள் 'ட்ரெய்னி' என்ற சொல் அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருந்தது. பதவியின் பெயருக்குப் பக்கத்திலோ கீழேயோ அடைப்புக்குறி தெரிந்தால், அதற்குள் இருப்பதை வாசிக்காமல் விடாதீர்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெயர், அடைப்புக்குள் இருப்பதுதான் வேலை.

சம்பளத்தைக் கூட்டிப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும். அடிப்படை 30,000, வருகைப் படி 8,000, விற்பனை ஊக்கத்தொகை 25,000. கூட்டினால் 63,000. மீதி 4,500 எங்கே? அது 30,000இன் 15 வீதம். முதலாளி கட்ட வேண்டிய இபிஎப் 12 வீதமும் ஈடிஎப் 3 வீதமும்! வெட்டுப்பட்ட ஓரத்தில் அந்த வரி இருந்தது. அது முதலாளி தன் பங்காகத் தனியே கட்டுவது, மாதக் கடைசியில் கைக்கு வராது. மொத்தத்தைப் பெரிதாகக் காட்டத்தான் சேர்த்திருக்கிறார்கள். ஊக்கத்தொகைக்கு முன்னால் 'அப் டு' என்றும் இருந்தது. இலக்கை எட்டினால்தான் காசு, இல்லையென்றால் சைபர்.

இந்தக் கூட்டல் இன்னொன்றுக்கும் உதவும். மங்கலான போட்டோவில் 3உம் 8உம் ஒன்றுபோலத்தான் தெரியும். எல்லா வரியும் தெரிந்தால், மொத்தத்தோடு ஒத்துப்போகிற இலக்கம்தான் சரி.

திகதியில் கூட்ட மொத்தம் கிடையாது, கிழமை பார்க்க வேண்டும். அந்தக் கடிதத்தில் திகதிக்கு அடுத்து 'மண்டே' என்று இருந்தது. 2025 செப்டெம்பர் 3 புதன்கிழமை, 8தான் திங்கள். தம்பி 3ஆம் திகதியே போய், ஐந்து நாள் போர்டிங் காசைக் கையிலிருந்து கட்டினார்.

சம்பளம் 8ஆம் திகதியிலிருந்துதான் ஓடியது. 23 நாளுக்கு 23,000, அதில் தொழிலாளியின் இபிஎப் 8 வீதமாக 1,840 கழிந்து 21,160. மாதம் முழுக்க வேலை செய்யாததால் வருகைப் படி இல்லை. ஊக்கத்தொகையும் இல்லை.

போட்டோ அனுப்பச் சொல்லும்போது இப்படிக் கேளுங்கள்: கடிதத்தை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரிய எடுக்க வேண்டும். பின்பக்கமும் வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணப் போட்டோவாகப் போட்டால் சுருங்கிவிடும், Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படியும் ஓர் இலக்கம் சந்தேகமென்றால், பழைய வேலையை விடுவதற்கு முன் அந்த வரியை மட்டும் தட்டெழுதி அனுப்பும்படி கேளுங்கள். வாயால் சொன்னதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்.