டிரான்ஸ்ஃபார்மர் யார்டில் தெர்மல் கேமரா: நான்கு வருட அனுபவம்

கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் பராமரிப்பு என் வேலை. எங்களிடம் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் உண்டு. ஒன்று பழைய 500 கேவிஏ. எல்டி, அதாவது குறைந்த வோல்டேஜ் பக்கத்தில், இணைப்பு வெளியே வருகிற புஷ்ஷிங்குகள் மூடாமல் வெளியே தெரியும். இன்னொன்று 1000 கேவிஏ. எல்டி பக்கம் தகரப் பெட்டிக்குள் அடைத்திருக்கும். இரண்டும் 22 கேவி லைனிலிருந்து 433 வோல்ட்டுக்கு இறக்குபவை. நான்கு வருடத்துக்கு முன் கையில் பிடிக்கிற சாதாரண தெர்மல் கேமரா ஒன்று வாங்கினோம். 160க்கு 120 புள்ளி சென்சார், விலையில் நடுத்தரம். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை இரண்டையும் படம் எடுத்து வைக்கிறேன்.

முதல் ஐந்தாறு மாதம் எடுத்த படங்கள் அநேகமாக எதற்கும் உதவவில்லை. மதிய வேளையில் எடுத்தேன். சித்திரை வெயிலில் தகரம், போல்ட், ரேடியேட்டர் எல்லாமே சுட்டுக் கிடக்கும். பளபளப்பான உலோகத்தில் சூரியனே பிரதிபலித்து, இல்லாத சூட்டைக் காட்டும். ஆடி மாதம் நேர் எதிர். திருமங்கலம் பக்கம் வீசுகிற காற்றில், உண்மையிலேயே சுடுகிற இணைப்பும் ஆறிப்போனதாகத் தெரியும். அதனால் இப்போது இரவு எட்டு மணிக்கு மேல், காற்று அடங்கின பிறகுதான் எடுக்கிறேன். மூன்று ஷிப்ட் ஓடுகிற மில் என்பதால் அந்த நேரத்திலும் லோடு குறையாது. லோடு பாதிக்கும் வெகுவாகக் கீழே இருந்தால் எடுப்பதே வீண். கரண்ட் பாதியானால் இணைப்பில் உண்டாகும் சூடு கால்வாசி ஆகிவிடும்.

இந்தக் கேமரா தன் விலையை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது இரண்டாவது வருடம் ஐப்பசியில். அன்றைக்குப் பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தபோது மூன்று எல்டி டெர்மினலுமே 40 டிகிரியை ஒட்டிக் காட்டின. சரி என்று நகரப் பார்த்தேன். கூட நின்ற தம்பி, "அண்ணே, பி ஃபேஸ்ல கேபிள் மேல இருக்கிற ஸ்லீவ் மட்டும் வெள்ளையா தெரியுதே" என்றான். கிட்டே போகாமல், வேலிக்கு வெளியே நின்றபடியே அந்த இடத்தில் புள்ளியை நிறுத்திப் பார்த்தேன். கேபிள் முனையில் மாட்டியிருக்கும் லக்கின் பளபளப்பான தட்டை 41 டிகிரி; அதை ஒட்டின கறுப்பு ஸ்லீவ் 69 டிகிரி.

இது நடக்கவே முடியாத விஷயம். ஸ்லீவ் தானாகச் சூடாகாது. சூடு லக்கிலிருந்துதான் வர வேண்டும். அப்படியென்றால் லக்கில் காட்டிய 41 பொய். ஈயம் பூசின பளபளப்பான உலோகம் தன் சூட்டை அகச்சிவப்பாக வெளியே விடுவது மிகக் குறைவு. எதிரே இருக்கிற வானத்தையும் சுவரையும்தான் கண்ணாடி மாதிரி காட்டும். எமிசிவிட்டி என்று சொல்வது இதைத்தான். கேமராவில் நாங்கள் 0.95 என்று வைத்திருந்தோம். ரப்பர், பெயிண்ட், பீங்கான் எல்லாவற்றுக்கும் அந்த எண் ஏறக்குறைய பொருந்தும். பளபளக்கிற உலோகத்துக்கு 0.1ஐக்கூடத் தாண்டாது. பிறகு அதே இணைப்பில் துருப்பிடித்த போல்ட் தலையைக் குறிவைத்தேன். துரு சூட்டை நன்றாக வெளிவிடும். அது 73 டிகிரி காட்டியது. மற்ற இரண்டு ஃபேஸ்களின் போல்ட் தலைகள் 47, 48. வெளிக்காற்று 32.

உடனே கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தோம். மூன்று ஃபேஸிலும் 350 முதல் 360 ஆம்பியர். ஆக, பி ஃபேஸில் லோடு கூடியதால் வந்த சூடு இல்லை. ஒரே லோடில் அடுத்த ஃபேஸைவிட 25 டிகிரி அதிகம். இதுபோன்ற இரண்டு இணைப்புகளுக்கு இடையே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே அவசரமாகக் கவனிக்க வேண்டிய கோளாறு என்றுதான் சோதனை வழிகாட்டிகள் சொல்கின்றன. இன்னொரு அடையாளமும் இருந்தது. சூடு போல்ட் இருக்கிற இடத்தில் உச்சமாக இருந்து, கேபிள் வழியே கீழே இறங்க இறங்கக் குறைந்துகொண்டே போனது. கேபிளே முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி சுட்டிருந்தால் லோடைச் சந்தேகிக்கலாம். ஒரு புள்ளியில் தொடங்கி இறங்கினால் அந்தப் புள்ளியில்தான் லூஸ் காண்டாக்ட்.

அந்த டிரான்ஸ்ஃபார்மரின் முழு லோடு 667 ஆம்பியர். நாங்கள் பார்த்தது பாதியைச் சற்றே தாண்டிய லோடில். சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறும் என்று போட்டால், முழு லோடில் அந்த 25 டிகிரி வித்தியாசம் 85ஐத் தாண்டும். சூடு ஏற ஏற வெளியே போவதும் கூடும் என்பதால் நடைமுறையில் 70 அளவில் நிற்கலாம். அந்த நிலையில் கேபிள் இன்சுலேஷன் தாங்காது. புஷ்ஷிங்குக்குக் கீழே இருக்கிற ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போய் எண்ணெய் கசிய ஆரம்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன் எடுத்து, எர்த் போட்டுவிட்டுக் கழற்றினோம். காரணம் தெளிவாக இருந்தது. முந்தைய வருடம் கேபிள் மாற்றினவர்கள் செம்பு டெர்மினலில் நேரடியாக அலுமினிய லக்கை வைத்து முறுக்கியிருந்தார்கள். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும். ஒவ்வொரு முறையும் சூடாகி ஆறும்போது கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, போல்ட்டின் பிடி விட்டுப்போயிருக்கிறது. இடையில் ஆக்சைடு படலமும் சேர்ந்து, தொடும் பரப்பில் பாதி கறுத்துக் கிடந்தது. செம்பும் அலுமினியமும் இணைந்த பைமெட்டாலிக் லக் போட்டு, பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, காண்டாக்ட் பேஸ்ட் தடவி, விரிந்து சுருங்கினாலும் அழுத்தம் குறையாத கிண்ண வாஷர் வைத்து, டார்க் ஸ்பேனரால் முறுக்கினோம். நட்டுக்கும் தட்டைக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு. கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். அடுத்த வாரம் அதே லோடில் பி ஃபேஸ் 48 டிகிரி. அந்த ஷட்டவுனிலேயே எல்லா டெர்மினலிலும் சூடு தாங்கும் கறுப்பு மேட் பெயிண்டில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பொட்டு வைத்துவிட்டோம், மின்சாரம் தொடும் பரப்பில் படாமல். இப்போது அந்தப் பொட்டை மட்டும்தான் அளக்கிறேன்.

ரேடியேட்டரில் தேட வேண்டியது சூட்டை அல்ல, குளிர்ச்சியை. பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் எண்ணெய் ஃபில்டர் செய்த பிறகு ஒரு ரேடியேட்டர் மட்டும் மேலிருந்து கீழ்வரை 36 டிகிரியிலேயே நின்றது. மற்றவை மேலே 58, கீழே 46. மேல் வால்வைத் திறக்க மறந்துவிட்டார்கள். திறந்து ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. எல்லா ரேடியேட்டரும் ஒன்றுபோல மேலே குளிர்ந்து தெரிந்தால் எண்ணெய் மட்டம் மேல் குழாய்க்குக் கீழே இறங்கியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

இந்தக் கேமராவை நம்பி ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. 1000 கேவிஏயின் எல்டி பெட்டிக்குள் இருப்பது எதுவும் தெரியாது. தகரத்தையோ கண்ணாடியையோ அகச்சிவப்பு ஊடுருவாது. பெட்டியின் ஒரு பக்கம் நாலு டிகிரி கூடினால்கூட உள்ளே பெரிய கோளாறு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். சப்ளையோடு மூடியைத் திறந்து பார்க்க நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. எச்டி, அதாவது 22 கேவி பக்கத்துப் புஷ்ஷிங்கிலும் கவனம் வேண்டும். 500 கேவிஏயில் எல்டி பக்கம் 667 ஆம்பியர் என்றால் 22 கேவி பக்கம் வெறும் 13. ஒரே அளவு லூஸ் இருந்தாலும் அங்கே உண்டாகும் சூடு சுமார் 2,600 மடங்கு குறைவு. அதனால் எச்டி டெர்மினலில் ஐந்து டிகிரி வித்தியாசம் வந்தாலே ஷட்டவுன் கேட்கிறேன். வித்தியாசமே வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறோம்.

கேமராவில் எனக்கு உள்ள ஒரே குறை அதன் சென்சார் புள்ளிகள் போதாதது. வேலிக்கு வெளியே ஐந்தாறு மீட்டரில் நின்றால் ஒரு போல்ட் தலை இரண்டு மூன்று புள்ளிக்குள் அடங்கி, சுற்றியுள்ள குளிரோடு கலந்து, எண் குறைவாக வருகிறது. அடுத்து வாங்கும்போது 320க்கு 240 கேட்டிருக்கிறேன்.