எஃப்டியும் டெப்ட் ஃபண்டும்: ஒரே வங்கியில் இரண்டு கதி

கடன் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டான டெப்ட் ஃபண்டை ‘எஃப்டி மாதிரிதான், கொஞ்சம் கூடக் கிடைக்கும்’ என்று சொல்லி விற்பவர்களிடம் 2020 மார்ச்சில் யெஸ் வங்கியில் நடந்ததைக் கேளுங்கள். டெபாசிட் போட்டவர்கள் சில நாட்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் தவித்தார்கள், ஆனால் யாருடைய அசலும் போகவில்லை. அதே வங்கி வெளியிட்ட, வங்கி சிக்கலில் மாட்டினால் தள்ளுபடி செய்யப்படக்கூடிய ஏடி-1 கடன் பத்திரங்களோ, சுமார் 8,400 கோடி ரூபாய், ஒரேயடியாகப் பூஜ்யமாக்கப்பட்டன. அவற்றை வைத்திருந்த டெப்ட் ஃபண்டுகளின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, சரிந்தது. நஷ்டம் யூனிட் வைத்திருந்தவர்கள் தலையில்தான் விழுந்தது. இதுதான் கடன் ரிஸ்க். டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, ஃபண்டுக்கு அப்படி எதுவும் கிடையாது.

சரி, அரசுப் பத்திரம் மட்டும் வாங்கும் கில்ட் ஃபண்ட்? பணம் திரும்பாது என்ற பயம் அநேகமாக இல்லை, ஆனால் வட்டி ரிஸ்க் இருக்கிறது. புதுப் பத்திரம் அதிக வட்டி தரும்போது பழையதை யாரும் பழைய விலைக்கு வாங்க மாட்டார்கள். ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் ‘மாடிஃபைட் டியூரேஷன்’ 7 என்றிருந்தால், சந்தை வட்டி 1 சதவீதம் ஏறும்போது என்ஏவி ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும், அதாவது ஒரு லட்சம் 93,000 ஆகும். எஃப்டியில் வட்டி ஏறினால் புது வட்டி கிடைக்காது, அவ்வளவுதான். போட்ட தொகை குறையாது.

அடுத்த வருடக் கல்லூரிக் கட்டணம் என்றால் நான் எஃப்டியில்தான் போடுவேன்.