தேர்வுக்கு விடுப்பு: தற்செயல் விடுப்பா, ஈட்டிய விடுப்பா?

ஒருவருக்குச் செங்கோட்டையில் தமிழக அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறார். தேர்வு மையம் திருநெல்வேலி. திங்கள், புதன், வெள்ளி, அடுத்த திங்கள், புதன் என ஐந்து தாள், எல்லாம் காலை 10 மணிக்கு.

தேர்வு நாளுக்கு மட்டும் தற்செயல் விடுப்பு கேட்டால் ஐந்து நாள் போகும். ஆண்டுக்கான 12-ல் ஏழு மிஞ்சும். அரை நாள் எடுத்துச் சமாளிக்க முடியாது. மதியம் 1 மணிக்குத் தேர்வு முடிந்து, ஊர் திரும்பவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

முதல் திங்கள் தொடங்கி இரண்டாம் புதன் வரை ஈட்டிய விடுப்பு கேட்டால் பத்து நாள் கழியும். இடையில் வரும் சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். ஆனால் தாள்களுக்கு நடுவே படிக்க நேரம் கிடைக்கும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் வாரத்துக்கு ஈட்டிய விடுப்பும், அடுத்த வாரத்துக்குத் தற்செயல் விடுப்பும் எழுதுவார்கள். நடுவில் பணியில் சேராததால் அது இரண்டையும் இணைத்ததாகும்; விதி அதை அனுமதிக்காது, விண்ணப்பம் திரும்பி வரும்.

அக்டோபர், நவம்பர் மழையில் தாள் தள்ளிப்போனால் தற்செயல் விடுப்பில் தேதியை மாற்றிக் கேட்டால் போதும். ஈட்டிய விடுப்பில் ஆணையையே திருத்த வேண்டும். ஆகவே தேர்வுக்கு ஏற்கெனவே படித்து முடித்தவருக்குத் தற்செயல் விடுப்புதான் நல்லது. எதுவானாலும் கால அட்டவணை வந்தவுடன் அதை இணைத்து விண்ணப்பியுங்கள்; நுழைவுச்சீட்டு கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதைப் பிறகு சேர்க்கலாம்.