'தொலைதூரக் கல்வி மையம்' பலகையை நம்பி 38,500 ரூபாயை இழந்தேன்

நேற்று சாயங்காலம்தான் எல்லாம் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக இருக்காது.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள், இப்போது வயது 36. பி.காம் படிக்கலாம் என்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் ஒரு சேர்க்கை மையத்துக்குப் போன ஜூலையில் போனேன். வடமாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம் என்றார்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: "தனியா உட்கார்ந்து படிக்கணும், சந்தேகம் வந்தா யாரைக் கேட்கிறது?" மேஜையில் இருந்த பெண் ஒரு நோட்டைத் திறந்து, 'ஞாயிறு வகுப்பு' என்ற பக்கத்தில் என் பெயரை எழுதினாள். "சார் வருவாருக்கா. நீங்க எழுதுற அசைன்மென்ட்டைத் திருத்தி, எங்க தப்புன்னு ஓரத்துல எழுதித் தருவாரு." பள்ளிக்கூடத்தை விட்டு 18 வருஷம் கழித்து என் விடையை ஒருவர் படித்துப் பார்ப்பார் என்றதும் மனசு இறங்கிவிட்டது. அன்றே 20,000. அடுத்த வாரம் மீதி 18,500, அதுவும் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று மட்டும் இருந்தது. அப்போதே முழித்திருக்க வேண்டும்.

புத்தகம் என்று ஜெராக்ஸ் நோட்ஸ் கொடுத்தார்கள். இக்னோவில் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணியின் பாடப்புத்தகத்தைப் பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொரு அலகின் தொடக்கத்திலும் எதைக் கற்கப்போகிறோம் என்று இருக்கிறது. நடுநடுவே நம்மையே சோதித்துக்கொள்ளக் கேள்விகள், கடைசியில் அவற்றுக்கு விடைகள். வாத்தியார் பக்கத்தில் இல்லாதவருக்காகவே அப்படி எழுதுகிறார்கள். அவர்களுக்கு அசைன்மென்ட்டுக்கு 30 சதவீத மதிப்பெண், திருத்தியவர் குறிப்பும் எழுதித் தருகிறார். என் கையில் இருந்ததோ வெறும் கேள்வி பதில் தாள்கள்.

ஞாயிறு வகுப்பு ஒருநாளும் நடக்கவில்லை. "சாருக்கு உடம்பு சரியில்ல", "ஆள் சேரட்டும்", "யூடியூப்ல பாருங்கக்கா". நான் விடவில்லை. கடை மூடி வந்து, ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து நான்கு அசைன்மென்ட் கையால் எழுதினேன். பச்சை நூலில் கட்டி அக்டோபரில் கொடுத்தேன். டிசம்பர் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கேட்டால் "சர்வர் டவுன்". சேர்க்கை எண் கேட்டால் "யுனிவர்சிட்டியிலிருந்து வரணும் மேடம்". அக்கா அதற்குள் மேடம் ஆகிவிட்டேன்.

நேற்று அந்தப் பல்கலைக்கழகத்தின் உதவி எண்ணுக்கே கூப்பிட்டேன். முதலில் கேட்டது டெப் ஐடி. 2024 செப்டம்பரில் தொடங்கிய பருவத்திலிருந்து, இந்தியாவில் தொலைதூரப் படிப்பிலோ ஆன்லைன் படிப்பிலோ சேர, மாணவரே யுஜிசி தளத்தில் உருவாக்க வேண்டிய எண் அது. "அதெல்லாம் நாங்க போட்டுக்கிறோம்" என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். என் பெயரில் சேர்க்கையே இல்லை. தமிழ்நாட்டில் எங்களுக்கு மையமே கிடையாது என்றார்கள். ஒரு மாநிலத்தின் தனியார் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே தொலைதூரப் படிப்பு மையம் நடத்த விதியில் இடமில்லையாம். அவர்களுக்கு ஆன்லைன் படிப்புக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் அதற்கு ஊரில் மையமே தேவையில்லை, நேராகத் தளத்தில் சேர்ந்துகொள்ளலாம். அந்த அனுமதிக் கடிதத்தைத்தான் மையத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள்!

உடனே மாடி ஏறினேன். மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டி, அதற்குள் என் அசைன்மென்ட் கட்டு. நான் போட்ட பச்சை நூல் முடிச்சு அப்படியே இருந்தது. யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. 38,500 ரூபாயைவிட அதுதான் அடிவயிற்றில் அடித்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சேவைக் கட்டணம் ரீஃபண்ட் இல்ல, ரசீதுல பாருங்க" என்றான் அங்கிருந்த ஓர் ஆள்.

38,500. என் மூன்று மாதச் சம்பளம்.

சேரப் போகிறவர்கள் இதையாவது பாருங்கள். deb.ugc.ac.in தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் பருவத்துக்கு அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா, அது தொலைதூரத்துக்கா ஆன்லைனுக்கா என்று பார்க்க வேண்டும். டெப் ஐடியை நீங்களே போடுங்கள். பணம் பல்கலைக்கழகத்தின் தளத்தில்தான் கட்ட வேண்டும், யாருடைய ஜிபேக்கும் வேண்டாம். உண்மையான கற்போர் உதவி மையம் ஏதாவது ஒரு கல்லூரிக்குள் இருக்கும், ஏஜென்சிக்குக் கொடுக்க அனுமதி இல்லை. வகுப்புத் தேதிகளைப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். வேறு என்னென்னவோ எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். காலையில் காவல் நிலையம் போகிறேன். இதே மாடியில் பணம் கட்டிய வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.