எட்டு வலையமைப்பு, ஒரு சந்தி: ட்ரான்சிட் கேட்வேயா, பியரிங்கா?

திருகோணமலை நகரில் இருந்துகொண்டு உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கு முன்பதிவு மென்பொருள் நடத்தும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் ஏ.டபிள்யூ.எஸ். பிராந்தியம் கிடையாது, ஆகவே சேர்வர்கள் எல்லாம் மும்பையில். முன்பதிவு, கட்டணம், கணக்கு, அறிக்கை, பேக்கப், பொதுச் சேவைகள், சோதனை, உருவாக்கம் என்று எட்டு வி.பி.சி.க்கள், அதாவது ஒன்றையொன்று தொடாத எட்டுத் தனி வலையமைப்புகள். 10.40.0.0/16 என்ற பெரிய முகவரித் துண்டை /20 அளவில் வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வி.பி.சி.யிலும் மூன்று ரூட் டேபிள். நகரில் உள்ள அலுவலகத்தின் உள் முகவரி 192.168.10.0/24.

இந்த எட்டையும் ஒன்றோடொன்று பேசவைக்க இரண்டு வழி. இரண்டிரண்டாக நேரடி இணைப்பு, அதாவது பியரிங், போடலாம். அல்லது நடுவில் ஒரு ட்ரான்சிட் கேட்வேயை வைத்து எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்க் கட்டலாம். இந்த அளவு அமைப்புக்கு எங்கள் சாய்வு கேட்வே பக்கம்தான். இரண்டு மூன்று வி.பி.சி.தான் இருக்கிறது, இனியும் எண்ணிக்கை கூடப்போவதில்லை என்றால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. பியரிங் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

பியரிங்கின் அடிப்படை விதி ஒன்றுதான்: அது தாண்டிப் போகவிடாது. முன்பதிவுக்கும் பொதுச் சேவைக்கும் பியரிங் இருக்கிறது, பொதுச் சேவைக்கும் கணக்குக்கும் பியரிங் இருக்கிறது என்பதற்காக முன்பதிவிலிருந்து கணக்குக்குப் போய்விட முடியாது. நிலாவெளியில் ஏறியவர் திருகோணமலை பஸ் நிலையத்தில் மாறி மூதூர் போவதைப் போன்ற வசதி இங்கே இல்லை. வி.பி.என்.னுக்கும் இதே விதிதான். அலுவலக வி.பி.என்.னைப் பொதுச் சேவை வி.பி.சி.யில் முடித்துவிட்டு, அங்கிருந்து பியரிங் வழியாக மற்ற ஏழுக்கும் போகலாம் என்று பலர் கணக்குப் போடுவார்கள். அது நடக்காது. எட்டையும் அலுவலகத்திலிருந்து நேரடியாகத் தொட வேண்டுமானால் எட்டு வி.பி.என். வேண்டும். ஒரு வி.பி.என்.னுக்கு இரண்டு டனல் என்பதால், அலுவலக ரௌட்டரில் பதினாறு டனல். கேட்வே இருந்தால் வி.பி.என். ஒன்று, டனல் இரண்டு.

ஆனால் முடிவை நிர்ணயிப்பது அதுவல்ல. ஒன்பதாவது வி.பி.சி. வரும் நாள்தான் நிர்ணயிக்கிறது.

எட்டையும் முழுமையாகப் பியரிங்கால் பின்னினால் 28 இணைப்பு. ஒவ்வொரு இணைப்புக்கும் இரு பக்கமும் மூன்று மூன்று ரூட் டேபிளில் வரி எழுத வேண்டும். ஆக 168 வரி. உண்மையில் 28-உம் யாருக்கும் தேவைப்படாது, உருவாக்கத்துக்கும் கட்டணத்துக்கும் நடுவே பேச்சுவார்த்தை இருக்கவே கூடாது. பாதியாகக் குறைத்தாலும் எண்பதுக்கு மேல் வரும். மே மாதம் சீசன் தொடங்குவதற்கு முன் புதிதாக ஒரு வி.பி.சி. சேர்க்கிறார்கள், அது எல்லாவற்றோடும் பேச வேண்டும் என்று வையுங்கள். எட்டுப் புதிய பியரிங், 48 புதிய வரி. அதில் பாதி, நேற்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வி.பி.சி.க்களின் ரூட் டேபிள்களுக்குள் கைவைத்து எழுத வேண்டியவை.

இந்த 48-இல் ஒரு வரி தவறினால் என்ன ஆகும்? திரும்பும் பக்கத்து வரி விடுபட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. கனெக்ஷன் மறுக்கப்படாது, தொங்கிக்கொண்டு நிற்கும், கடைசியில் நேரம் முடிந்து விழும். ஃப்ளோ லாக்கில் அழைத்த பக்கமும் `ACCEPT`, பெற்ற பக்கமும் `ACCEPT`. அதைப் பார்த்துவிட்டு ஃபயர்வாலைச் சந்தேகித்து ஒரு பகல் முழுக்க அலையலாம். பெறும் சேர்வரில் இதை அடித்தால் விஷயம் வெளிச்சமாகும்:

```
ss -tn state syn-recv
```

அழைத்தவரின் முகவரி அங்கே காத்துக்கொண்டிருந்தால், வந்த கடிதம் வந்துவிட்டது, போன பதில் வழியில் தொலைந்தது என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த சப்நெட்டின் ரூட் டேபிளில்தான் வரி விடுபட்டிருக்கும். மூன்று டேபிளில் இரண்டில் எழுதி மூன்றாவதை மறப்பதே வழக்கமான தவறு. ஆகவே ஒரு சப்நெட்டிலிருந்து வேலை செய்யும், இன்னொன்றிலிருந்து செய்யாது.

கேட்வே இருந்தால் ஒவ்வொரு வி.பி.சி.யின் ரூட் டேபிளிலும் இரண்டே வரி: 10.40.0.0/16-உம் அலுவலகத்தின் 192.168.10.0/24-உம் கேட்வேக்கு. சொந்த /20 அந்த /16-ஐ விடக் குறுகியது என்பதால் உள்ளூர்ப் போக்குவரத்து உள்ளேயே நின்றுவிடும். புதிய வி.பி.சி. வந்தால் அதைக் கேட்வேயோடு கட்டும் ஒரு அட்டாச்மென்ட், அதன் மூன்று டேபிளில் ஆறு வரி. பழைய எட்டின் டேபிள்களை யாரும் தொடுவதில்லை. இந்த வசதி முகவரிகளை முதலிலேயே ஒரே /16-க்குள் அடக்கி வைத்ததால் வருவது. ஆளுக்கொரு பக்கம் சிதறி ஒதுக்கியிருந்தால் பாதி லாபம் போய்விடும். அலுவலக வரியை மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் கேட்வே தானாக வி.பி.சி.யின் ரூட் டேபிளில் எதையும் எழுதாது.

கேட்வேயில் தடுக்கி விழும் இடம் வேறு. பியரிங்கில் இணைக்காத இரண்டு வி.பி.சி. இயல்பாகவே பிரிந்திருக்கும், அது அதன் நல்ல குணம். கேட்வேயை உள்ளபடியே உருவாக்கினால் கட்டியவை எல்லாம் ஒரே டேபிளுக்குள் வந்து, அதன் மட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரிடமும் வழி திறந்துவிடும். ஆகவே உருவாக்கும்போதே தன்னியக்க அசோசியேஷனையும் ப்ராபகேஷனையும் அணைத்துவிட வேண்டும்:

```
aws ec2 create-transit-gateway --options \
 DefaultRouteTableAssociation=disable,DefaultRouteTablePropagation=disable
```

பிறகு கேட்வேக்குள் மூன்று டேபிள்: லைவ், சோதனை, பொது. இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் எளிது. அசோசியேஷன் என்பது, ஒரு வி.பி.சி.யிலிருந்து பாக்கெட் உள்ளே வந்தால் எந்த டேபிளைப் பார்த்து வழி தேடுவது என்பது. ப்ராபகேஷன் என்பது, அந்த வி.பி.சி.யின் முகவரி எந்தெந்த டேபிளில் எழுதப்படுகிறது என்பது. உருவாக்க வி.பி.சி.யைச் சோதனை டேபிளோடு அசோசியேட் செய்து, அந்த டேபிளில் பொதுச் சேவையின் முகவரியை ப்ராபகேட் செய்தால், உருவாக்கத்திலிருந்து பொதுச் சேவைக்குப் போகலாம். பதில் வர வேண்டுமே? பொதுச் சேவை பார்ப்பது பொது டேபிளை. அங்கே உருவாக்கத்தின் முகவரி இருக்க வேண்டும். இந்த இரண்டாவது ப்ராபகேஷனை மறப்பவர்கள் ஏராளம், விளைவு மேலே சொன்ன அதே தொங்கல். சோதனை டேபிளில் கட்டணத்தின் முகவரி இல்லாததால் அந்த வழி தானாக அடைபட்டிருக்கும். அலுவலக வி.பி.என்.னைப் பொது டேபிளோடு அசோசியேட் செய்யலாம், வழிகளைத் தானாக அறிவிக்கும் பி.ஜி.பி. இல்லாத வி.பி.என். என்றால் அதன் முகவரியை மற்ற டேபிள்களில் கையால்தான் எழுத வேண்டும்.

இன்னொரு பிசகு: அட்டாச்மென்ட் போடும்போது ஒவ்வொரு அவைலபிலிட்டி ஸோனிலும் ஒரு சப்நெட் கொடுக்க வேண்டும், /28 போதும். மும்பையில் மூன்று ஸோன். இரண்டுக்கு மட்டும் கொடுத்தால் மூன்றாவது ஸோனில் உள்ள சேர்வர் கேட்வேயை அடையவே முடியாது. மூன்று சேர்வரில் எப்போதும் ஒன்று மட்டும் அடம்பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனிப் பணம். விலை பிராந்தியத்துக்குப் பிராந்தியம் மாறும். கணக்கு எப்படிப் போகிறது என்று காட்ட வட வர்ஜீனியா விலையை எடுக்கிறோம். அட்டாச்மென்ட் ஒன்றுக்கு மணிக்கு 0.05 டொலர், 730 மணி நேர மாதத்துக்கு 36.50. எட்டு வி.பி.சி.யும் ஒரு வி.பி.என்.னும் சேர்ந்து ஒன்பது அட்டாச்மென்ட், 328.50. வி.பி.என். இணைப்புக்கும் தனியாக அதே 36.50. ஆக 365 டொலர். பியரிங்குக்கு மணிக் கட்டணமே இல்லை. ஆனால் எட்டு வி.பி.என். வைத்தால் 292. வித்தியாசம் 73 டொலர்தான், ஒன்பதாவது வி.பி.சி.யின் 48 வரியை ஒரு முறை எழுதித் திருத்தும் கூலிக்கே அது சரியாகிவிடும். அலுவலகத்துக்கு மூன்று வி.பி.சி. மட்டும் போதுமென்றால் வி.பி.என். செலவு 109.50 ஆகி, வித்தியாசம் 255 டொலரைத் தாண்டும். அப்போது பியரிங்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அதோடு, கேட்வேக்குள் அனுப்பும் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் 0.02 டொலர். சாதாரண ஏ.பி.ஐ. போக்குவரத்துக்கு இது பில்லில் கண்ணுக்கே தெரியாது. பேக்கப்புக்குத் தெரியும்: முன்பதிவிலிருந்து மாதம் 4,000 கிகாபைட் போனால் 80 டொலர். இந்த ஒரு ஜோடிக்குப் பியரிங்கை வைத்துக்கொள்ளலாம், கேட்வேயோடு சண்டை வராது. முன்பதிவின் டேபிளில் 10.40.0.0/16 கேட்வேக்கும், பேக்கப்பின் /20 மட்டும் பியரிங்குக்கும் என்று எழுதினால், குறுகிய முகவரிக்கே முதலிடம் என்பதால் பேக்கப் தன் குறுக்குவழியில் போகும். இரு பக்கமும் எழுத வேண்டும். மணிக்கணக்கில் டெராபைட் தள்ளும் தரவு நிறுவனங்களுக்கு இந்தச் சாய்வு செல்லாது. நாங்கள் சொல்வது இந்த அளவுக்கு.

ஏற்கெனவே பியரிங்கில் ஓடுவதைக் கேட்வேக்கு மாற்றுபவர்கள் ஒரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. ஒரே பிராந்தியத்துக்குள் பியரிங் 9,001 பைட் பாக்கெட்டை விடும். கேட்வே விடுவது 8,500 வரை. ஒரு பக்க ரூட்டை இன்று மாற்றி மறுபக்கத்தை நாளைக்கு வைத்தால், போக்கு ஒரு வழி, வரவு ஒரு வழி என்றாகிப் பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் விழும். சிறிய வினவல் உடனே பதில் தரும், லாகின் ஆகும், பெரிய ஃபைலை இழுத்தால் மட்டும் உறைந்து நிற்கும். ஆகவே ஒரு ஜோடியின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். செக்யூரிட்டி குரூப்பின் உள்வரும் விதிகளில் மறுபக்கத்துக் குரூப்பின் பெயரைக் குறிப்பிட்டிருந்தால், அந்த ஆதரவு கேட்வேயில் 2024-இல்தான் வந்தது. கேட்வேயிலும் அட்டாச்மென்டிலும் அதை இயக்கிவிட்டுத்தான் பியரிங்கை நீக்க வேண்டும். நீக்கிய பிறகு எங்காவது பியரிங்கைச் சுட்டும் பழைய `pcx-` வரி மிச்சமிருக்கிறதா என்று இது காட்டிவிடும்:

```
aws ec2 describe-route-tables \
 --filters Name=route.state,Values=blackhole
```

விடை வெறுமையாக வரும்வரை அந்த வேலை முடியவில்லை.