‘புட் ஆஃப்’ எளிதா, ‘போஸ்ட்போன்’ எளிதா?

எண்ணூரில் ஒரு தொழிற்கூடத்துக்கு நான் எழுதிய ஆங்கில அறிவிப்பில் ‘டோன்ட் புட் ஆஃப் தி பம்ப் செக்’ என்றிருந்தது. சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதே பொருள்; ஆனால் ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்று நாள்தோறும் பேசும் ஊழியர் ஒருவர், “பம்பை நிறுத்தக் கூடாதுன்னுதானே சார் போட்டிருக்கீங்க?” என்று கேட்டார்.

குட்டிச் சொல் என்றால் எளிய சொல் என்று நினைத்தது என் பிழை. ‘புட்’, ‘ஆஃப்’ இரண்டும் அவருக்குத் தெரிந்தவை. அவை சேர்ந்தால் வரும் பொருளைத் தனித்தனிச் சொற்களிலிருந்து ஊகிக்க முடியாது. ‘போஸ்ட்போன்’ நீளமானதாயினும் ஒரே சொல், அகராதியில் உடனே கிடைக்கும் என்பதால் நான் அதையே தேர்வேன். ‘டூ தி பம்ப் செக் டுடே’ அதைவிட மேல்.

சொல்லைப் போலவே வாக்கியமும் குட்டியாக இருந்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கான எளிய ஆங்கில விதிமுறை, செய்முறை வாக்கியத்துக்கு 20 சொற்களை உச்சவரம்பாக வைக்கிறது. ஆனால் ‘அழுத்தம் குறைந்தால் பம்பை நிறுத்து’ என்பதை இரண்டாக உடைத்தால் ‘குறைந்தால்’ என்பதிலுள்ள ‘ஆல்’ காணாமற்போய், நிபந்தனை வெறும் கட்டளையாகிவிடும். ஆங்கிலத்தில் அதை உடைக்காமல், தமிழில் வருவதுபோல ‘இஃப்’ பகுதியை முன்னால் வைத்தாலே போதும்.